காலிக் கட்டமும் ஒரு பதில்தான்!

வங்கியில் செல்லான் எழுதும்போது கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மறந்துபோனால் யாரும் "ஏழாக இருக்கும்" என்று போட்டுவிட்டுப் போவதில்லை. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். ஆனால் இதே வேலையை ஒரு மென்பொருளிடம் கொடுத்தால் மட்டும், எல்லாக் கட்டமும் நிரம்பி வந்தால் "அடடா, என்ன அருமை!" என்று பாராட்டுகிறார்கள். நிரப்பியதில் எது பேப்பரில் இருந்தது, எது மென்பொருளே போட்டுக்கொண்டது என்று கேட்பவர் குறைவு.

சரி, ஓர் உதாரணம். காரைக்கால் மாவட்டம் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டியிருக்கும் போலகத்தில் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே ஒரு சின்னப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே கொஞ்ச தூரம் போனால் நாகூர். பட்டறைக்காரர் அங்கே ஒரு கடையில் இரும்புக் குழாய் வாங்குகிறார். குழாய் விலை 40,000 ரூபாய், 18 சதவீத வரி 7,200, மொத்தம் 47,200. கடைக்காரர் வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புகிறார், பில்லும் கூடவே வருகிறது. பட்டறையில் ஒரு பையன் அதை மொபைலில் படம் பிடித்துக் கணக்கு எழுதும் ஆபீசுக்கு அனுப்புகிறான். அங்கே பில் படத்தைப் படித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் ஏஐ மென்பொருள் வைத்திருக்கிறார்கள்.

படத்தில் பில்லின் வலது ஓரம் மடங்கியிருக்கிறது. வாங்குபவரின் முகவரி பாதிதான் தெரிகிறது, அதில் பின்கோடு மட்டும் தெளிவு. 'பிளேஸ் ஆஃப் சப்ளை' என்ற கட்டம், அதாவது சரக்கு எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று எழுதும் இடம், மடிப்புக்குள் போய்விட்டது. வரி என்ற இடத்தில் 7,200 என்ற மொத்தம் மட்டும் தெரிகிறது. மென்பொருள் என்ன செய்ய வேண்டும்?

ஊகிக்கிற மென்பொருள் இப்படி யோசிக்கும். விற்றவரின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்குகிறது, அது தமிழ்நாடு. வாங்கியவரின் பின்கோடு 609-இல் தொடங்குகிறது. மயிலாடுதுறை 609001, ஆக இதுவும் தமிழ்நாடுதான்! ஒரே மாநிலத்துக்குள் விற்பனை என்றால் வரி இரண்டாகப் பிரியும். சிஜிஎஸ்டி 3,600, எஸ்ஜிஎஸ்டி 3,600. முடிந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். புதுச்சேரி நகரத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, சுற்றிலும் தமிழ்நாடும் கடலுமாக உட்கார்ந்திருக்கிறது. தபால்காரருக்கு இந்த எல்லை முக்கியமில்லை, அதனால் காரைக்கால் நகரத்தின் பின்கோடு 609602. புதுச்சேரி நகரத்தின் 605 வரிசை இங்கே கிடையாது. ஜிஎஸ்டிக்கோ எல்லைதான் எல்லாமே. புதுச்சேரியின் மாநிலக் குறியீடு 34. நாகூரிலிருந்து போலகத்துக்குச் சரக்கு போனால் அது மாநிலம் விட்டு மாநிலம். 7,200 முழுவதும் ஐஜிஎஸ்டி.

இதில் மோசமான விஷயம் என்னவென்றால், மொத்தம் மாறவே மாறாது. 3,600-ம் 3,600-ம் சேர்ந்தால் 7,200. பில் தொகை 47,200 அப்படியே டாலி ஆகும். கணக்கு எழுதுபவர் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பில்லுக்குப் போய்விடுவார். கடைக்காரர் தன் ரிட்டர்னில் ஐஜிஎஸ்டி என்று காட்டியிருப்பார், அது பட்டறையின் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் ஐஜிஎஸ்டி ஆகவே வந்து நிற்கும். தலைப்பு வாரியாக ஒப்பிட்டால் பிடிபடும். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் பிடிபடாது. அப்போது பட்டறை, தனக்கு இல்லாத 3,600 ரூபாய் எஸ்ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டை இருப்பதாக எழுதிக்கொண்டிருக்கும். பிறகு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது பட்டறைக்காரர். மென்பொருள் அல்ல!

இங்கே ஒருவர் கேட்கலாம். "பின்கோட்டை வைத்து ஊகித்தது முட்டாள்தனம். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தை வைத்து ஊகித்தால் சரியாக வருமே?"

குழாய் பில்லுக்கு வரும். ஆனால் அதே பட்டறைக்காரர் வேலையாகச் சென்னை போய் ஓர் ஓட்டலில் தங்குகிறார், பில்லில் தன் 34-இல் தொடங்கும் எண்ணைக் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஓட்டல் அறைக்குச் சட்டம் வேறு. கட்டடம் எங்கே இருக்கிறதோ அதுதான் பிளேஸ் ஆஃப் சப்ளை. ஆகவே தமிழ்நாடு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. அந்தக் கிரெடிட்டைப் புதுச்சேரியில் பதிவு செய்தவர் எடுக்க முடியாது. எண்ணை வைத்து ஊகித்தால் இதை ஐஜிஎஸ்டி என்று போட்டுக் கிடைக்காத கிரெடிட்டைக் கிடைத்ததாகக் காட்டும். ஒரு பில்லுக்குப் பொருந்திய ஊகம் அடுத்த பில்லில் கவிழ்க்கிறது. கெட்டிக்கார ஊகமாக இருந்தால் கவிழ்வது இன்னும் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கட்டம் காலியாக வந்தால்தான் அடுத்த கேள்வி பிறக்கும்: படத்தில் இல்லையா, பேப்பரிலேயே இல்லையா? படத்தில் இல்லை என்றால் மடிப்பை நீவிவிட்டு மறுபடி ஒரு படம் எடுத்தால் போதும். பேப்பரிலேயே இல்லை என்றால் விஷயம் வேறு. பில்லில் சில விவரங்கள் விட்டுப்போயிருந்தாலும் கிரெடிட் எடுக்கலாம் என்று ஜிஎஸ்டி விதி 36(2) சலுகை தருகிறது. ஆனால் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று ஒரு சின்னப் பட்டியலையும் வைத்திருக்கிறது. வரித் தொகை, பொருளின் விவரம், மொத்த மதிப்பு, இரண்டு பேரின் ஜிஎஸ்டி எண், மாநிலம் விட்டு மாநிலம் என்றால் பிளேஸ் ஆஃப் சப்ளை. அது பேப்பரில் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் சொல்லித் திருத்தி வாங்க வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு. ஒரு நிதியாண்டின் பில்லுக்குப் பெரும்பாலும் அடுத்த நவம்பர் 30 வரைதான் கிரெடிட் எடுக்க முடியும். மென்பொருள் அந்தக் கட்டத்தைத் தானே நிரப்பிவிட்டால், பில்லில் குறை இருப்பதே யாருக்கும் தெரியாமல் நவம்பர் தாண்டிவிடும்.

அப்படியானால் மென்பொருள் ஏன் ஊகிக்கிறது? பாதிக் குற்றம் கேட்பவர்களுடையது. எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்று பட்டியல் எழுதும்போது எல்லாவற்றையும் "கட்டாயம், எழுத்தாக இருக்க வேண்டும்" என்று எழுதிவிடுகிறார்கள். காலியாக விட வழியே வைக்காவிட்டால் அது எதையாவது எழுதத்தானே செய்யும்! `"type": "string"` என்பதை `"type": ["string", "null"]` என்று மாற்றி, "படத்தில் தெரியாததை null என்று கொடு, காரணத்தையும் கொடு" என்று சொன்னால் மடங்கிய பில்லுக்கு இப்படி வர வேண்டும்:

```json
{
  "total": 47200,
  "tax_total": 7200,
  "place_of_supply": null,
  "place_of_supply_reason": "not_visible"
}
```

இங்கே null என்பதற்குப் பதில் 0 போடக்கூடாது. வரிக் கட்டத்தில் 0 என்றால் "வரி இல்லை" என்று பொருள். null என்றால் "தெரியவில்லை". எக்செல்லில் கொண்டுபோய்க் கூட்டும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் நடக்கும், அதனால் கூட்டுவதற்கு முன்பே காலியான பில்களைத் தனியே பிரித்து வைக்க வேண்டும்.

மீதிக் குற்றம் மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறது. சரியான பதிலுக்கு ஒரு மார்க், தவறுக்கும் காலிக்கும் பூஜ்யம் என்று வைத்தால் எந்த மாணவனும் கடைசி ஐந்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் 'பி' போடுவான். சிஏ ஃபவுண்டேஷனின் அப்ஜெக்டிவ் தாள்களில் தவறுக்கு 0.25 குறைப்பதே இதற்காகத்தான். பில் படிக்கும் மென்பொருளைச் சோதிப்பவர்களும் அப்படித்தான் மார்க் போட வேண்டும். காலிக்குப் பூஜ்யம், ஊகித்துத் தவறினால் கழித்தல், படத்தில் இல்லாததைக் காலி என்று சொன்னால் முழு மார்க்.

ஊகிக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தெளிவான ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஸ் ஆஃப் சப்ளை கட்டத்தின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடுங்கள். மாநிலத்தின் பெயர் வேறு எங்காவது இருந்தால் அதையும் மூடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து நியாயமாகவே படித்துவிடும். இப்போது படம் எடுத்துக் கொடுங்கள். கட்டம் நிரம்பி வந்தால் அது படிக்கவில்லை, கற்பனை செய்கிறது. பத்து பில்லில் செய்து பார்த்தாலே குணம் தெரிந்துவிடும். ஜிஎஸ்டி எண்ணிலாவது 15-ஆவது எழுத்து சரிபார்ப்பு எழுத்து, ஓர் எழுத்தை மாற்றிப் போட்டால் கணக்கு இடித்துக் காட்டிவிடும். தேதிக்கும் மாநிலத்துக்கும் அப்படி ஒரு காவல்காரர் கிடையாது.

"காலியாக விட்டால் ஆள்தானே உட்கார்ந்து நிரப்ப வேண்டும், பிறகு எதற்கு மென்பொருள்?" என்பது நியாயமான கேள்விதான். தெளிவாகத் தெரிவதையும் பயந்து காலியாக விடுகிற மென்பொருளால் ஒரு பயனும் இல்லை. அதையும் தவறாகவே எண்ண வேண்டும். ஆனால் உண்மையிலேயே தெரியாத கட்டத்துக்கு ஆகும் செலவு என்ன? நாகூர் கடைக்கு ஒரு போன், இரண்டு நிமிடம், அதுவும் எந்தப் பில்லுக்கு என்று தெரிந்தே. ஊகித்த கட்டத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் எல்லாப் பில்லையும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் எது பொய் என்று முகத்தில் எழுதியிருக்காது.

ஊகமே கூடாது என்பதில்லை. கணக்காளர் தன் அனுபவத்தில் "இது ஐஜிஎஸ்டியாகத்தான் இருக்கும்" என்று முடிவு செய்யலாம். அதைத் தனிக் கட்டத்தில், தன் பெயரோடு எழுதட்டும். படத்திலிருந்து படித்தது என்ற கட்டத்தில் படத்தில் இருந்தது மட்டும் இருக்கட்டும்.

பட்டறைப் பையனிடம் "பில்லில் என்ன மாநிலம் போட்டிருக்கு?" என்று கேட்டால், "மடங்கியிருக்குண்ணே, தெரியல" என்று சொல்வான். அந்தப் பதில் போதும்.