நாள் குறிக்கும்போதே கேளுங்கள்

முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணல் அழைப்புகள் பலவற்றின் அடியில் ஒரு வரி இருக்கும்: "வருகையைத் தொலைபேசியில் உறுதிசெய்க." காது கேளாத விண்ணப்பதாரருக்கு நேர்காணல் அந்த வரியிலேயே முடிந்துவிடுகிறது. வீட்டார் யாரேனும் பேசட்டுமே என்பார்கள். ஆய்வு செய்ய வருபவருக்காக அண்ணன் பேசவேண்டுமா?

குறுஞ்செய்தி போதாதா என்பது அடுத்த வாதம். சிலருக்குப் போதும், வளர்ந்தபின் செவித்திறன் இழந்தவர்களுக்குப் பெரும்பாலும் எழுத்தே வசதி. ஆனால் இந்தியச் சைகைமொழி தனி இலக்கணம் உடையது. இந்தியையோ ஆங்கிலத்தையோ கையால் காட்டுவதன்று. அதில் வளர்ந்தவருக்கு எழுத்து இரண்டாம் மொழி. எனவே எழுத்தா, மொழிபெயர்ப்பாளரா என்பதை நாள் குறிக்கும் மின்னஞ்சலிலேயே அவரிடம் கேட்கவேண்டும்.

அன்று காலையில் கேட்டுப் பயனில்லை. ஒரு மணி நேர நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும். ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் மாறிக்கொள்ளாவிடில் களைப்பில் பிழை பெருகும். அப்பிழை விண்ணப்பதாரரின் அறியாமையாகவே குறிக்கப்படும். கலைச்சொற்களுக்கு ஆயத்தமாக ஆய்வுச் சுருக்கமும் முன்னரே அவர்கள் கையில் இருக்கவேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்தொடர்பு என்பதன் வரையறையிலேயே சைகைமொழியைச் சேர்த்துவிட்டது. நம் படிவங்களிலோ கட்டாய நட்சத்திரக் குறி இன்னும் தொலைபேசி எண்ணுக்குத்தான்.