வாக்குறுதிக்குப் பொறுப்பானவர் யார்?

நுழையும்முன்

காஞ்சிப் பட்டு வாங்குவோர் சேலையின் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. சரிகையைப் பார்க்கின்றனர், பட்டு முத்திரைச் சீட்டைப் பார்க்கின்றனர், விற்பவர் யார், எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்றும் கேட்கின்றனர். அதே சேலையை இணையத்தில் வாங்கும்போது பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றை முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். அவரை நம்பலாமா என்பதை எவ்வாறு முடிவு செய்வது? இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஒரு புள்ளியும் ஒரு சிறுகோடும்

செங்கல்பட்டு – அரக்கோணம் இருப்புப் பாதையில் அமைந்த ஊர் வாலாஜாபாத். இவ்வழியே திருப்பதிக்குச் செல்வோர் பலர். தரிசனச் சீட்டையும் தங்கும் அறையையும் இணையத்தில் பதிவு செய்வது இன்று இயல்பாகிவிட்டது. இவ்வழக்கத்தையே மோசடியாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு போலித் தளம் குறித்துக் காவல்துறையில் புகார் அளித்தது. அது அவ்வகையில் 41ஆவது தளம் என்று செய்திகள் வெளியாயின. அப்போது தேவஸ்தானத்தின் உண்மையான முகவரியும் போலி முகவரியும் பின்வருமாறு இருந்தன:

உண்மை: `tirupatibalaji.ap.gov.in`

போலி: `tirupatibalaji-ap-gov.org`

இரண்டிலும் ஏறத்தாழ அதே சொற்களே உள்ளன. ஆயினும், இணைய முகவரியை வலப்புற இறுதியிலிருந்து படிக்க வேண்டும். முதல் முகவரி `gov.in` என முடிகிறது. அப்பெயர் இந்திய அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுவது. இரண்டாவது முகவரியில் `gov` என்பது புள்ளியால் பிரிக்கப்படவில்லை, சிறுகோட்டால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே `tirupatibalaji-ap-gov` என்பது முழுவதும் ஒரே பெயர். பணம் செலுத்தும் எவரும் பதிந்துகொள்ளக்கூடிய பெயர். அதன் இறுதியில் உள்ள `org` என்பதும் எவருக்கும் கிடைப்பதே.

முகவரிக்கு அருகில் தோன்றும் பூட்டுச் சின்னத்தைக் கண்டு பலர் ஏமாறுகின்றனர். நாம் அனுப்பும் செய்தி வழியில் பிறரால் படிக்கப்படாது என்பதே அச்சின்னத்தின் பொருள். செய்தியைப் பெறுபவர் நல்லவரா என்பதை அது கூறாது. போலித் தளத்திற்கும் பூட்டு எளிதில் கிடைக்கும்.

தொடர்பு விவரத்தை முதலில் படித்தல்

ஒவ்வொரு தளத்திலும் ‘தனியுரிமைக் கொள்கை’ என்றொரு பக்கம் இருக்க வேண்டும். எந்தத் தரவு பெறப்படுகிறது, எதற்காகப் பெறப்படுகிறது, யாரிடம் பகிரப்படுகிறது என்பதை அது கூறும். அது தளத்தை நடத்துவோர் தரும் வாக்குறுதி. ஆனால், வாக்குறுதி மீறப்பட்டால் யாரைக் கேட்பது? கேட்பதற்கு ஆள் இல்லையெனில் அப்பக்கத்தில் எழுதப்பட்ட எதற்கும் மதிப்பில்லை. எனவே, கொள்கையைப் படிப்பதற்கு முன்பு தொடர்பு விவரத்தைப் படிப்பதே முறையாகும்.

ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். வாலாஜாபாத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் மகளின் திருமணத்திற்காக இணையத்தில் பட்டுச்சேலை தேடுகிறது. ‘காஞ்சிபுரத்து நெசவாளரிடமிருந்து நேரடியாக’ என்று கூறும் தளம் ஒன்று கிடைக்கிறது. விலை குறைவு, படங்கள் அழகு. தொடர்புப் பக்கத்தைத் திறந்தால் ‘காஞ்சிபுரம், தமிழ்நாடு’ என்ற ஒரே வரி உள்ளது. தெருப்பெயர் இல்லை, அஞ்சல் குறியீட்டு எண் இல்லை. ஒரு வாட்ஸ்அப் எண்ணும், எவரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய மின்னஞ்சல் முகவரியும் மட்டும் உள்ளன.

இங்குச் சட்டம் துணைக்கு வருகிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, இணையவழி விற்பனை நிறுவனம் தன் சட்டப்பூர்வமான பெயர், தலைமை அலுவலக முகவரி, வாடிக்கையாளர் சேவைக்கும் குறைதீர் அலுவலருக்கும் உரிய தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் வெளியிட வேண்டும். குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். அக்குடும்பம் கண்ட தளத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

தளத்தில் ஜி.எஸ்.டி. பதிவெண் இருப்பின் அதையும் சரிபார்க்கலாம். அது 15 எழுத்துகளும் எண்களும் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டிற்குரியது 33. `gst.gov.in` தளத்தில் அப்பதிவெண்ணை இட்டுத் தேடினால் வணிகரின் சட்டப்பூர்வமான பெயர், பதிவு பெற்ற நாள், பதிவு நடப்பில் உள்ளதா என்னும் நிலை ஆகியவை தெரியும். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. வேறொருவரின் உண்மையான எண்ணை எடுத்துத் தம் தளத்தில் இட்டுக்கொள்வோரும் உளர். ஆகவே, அங்குத் தோன்றும் பெயரும் தளத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும்.

கொள்கையில் தேட வேண்டிய விடைகள்

தொடர்பு விவரம் நிறைவளித்தால் அடுத்துக் கொள்கைக்கு வரலாம். அதை முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை படிக்க வேண்டும் என்பதில்லை. ஐந்து வினாக்களுக்கு விடை உள்ளதா என்று தேடினால் போதும். என்னென்ன தரவு பெறுகின்றனர்? எதற்காக? யாரிடம் பகிர்கின்றனர்? எவ்வளவு காலம் வைத்திருப்பர்? அதை நீக்குமாறு யாரிடம், எவ்வாறு கேட்பது?

முன்னர்க் கண்ட தளத்தின் கொள்கையைத் திறப்போம். முதற்பத்தியிலேயே வேறொரு நிறுவனத்தின் பெயர் உள்ளது. வழக்கு எழுந்தால் அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டப்படி தீர்க்கப்படும் என்கிறது இன்னொரு வரி. காஞ்சிபுரத்தில் சேலை விற்பவருக்கு அச்சட்டத்தோடு என்ன தொடர்பு? இவை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டப்பட்டதற்கான அடையாளங்கள். ஐயம் எழுந்தால் ஒரு வரியை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுபொறியில் தேடலாம். அதே வரி பல தளங்களில் தோன்றுவது மட்டும் குற்றமன்று. பொது மாதிரியைப் பலர் பயன்படுத்துவது உண்டு. பெயரையும் ஊரையும்கூட மாற்றாமல் விட்டிருப்பதே கவனத்திற்குரியது. தாம் தந்த வாக்குறுதியைத் தாமே படிக்காதவர் அதைக் காப்பாற்றுவார் என்று எதிர்பார்க்க இயலாது.

‘உங்கள் தகவலை எங்கள் வணிகக் கூட்டாளிகளுடன் பகிரலாம்’ என்னும் வரியும் அங்கு உள்ளது. கூட்டாளிகள் யார், எந்தத் தகவல், எந்த நோக்கம் என்ற மூன்றும் அதில் மறைக்கப்பட்டுள்ளன. ‘சேலையைக் கொண்டுசேர்க்கும் தூதஞ்சல் நிறுவனத்திற்கு உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றைத் தருகிறோம்’ என்று எழுதியிருந்தால் அது தெளிவு. முன்னது எதையும் செய்ய இடமளிக்கும் வாக்கியம். பின்னது செய்வதை வரையறுக்கும் வாக்கியம்.

இறுதியாக, கொள்கையையும் விண்ணப்பப் படிவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சேலையை அனுப்ப முகவரி தேவை. கைபேசி எண் தேவை. பிறந்த நாளும் ஆதார் எண்ணும் எதற்கு? கொள்கையில் காரணம் கூறப்படாத தரவைப் படிவம் கேட்குமானால் தராமல் நிறுத்திக்கொள்வதே தகும்.

பதினெட்டு வயதும் தாய்மொழியும்

தனியுரிமை அடிப்படை உரிமை என 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்த முயற்சிகளின் பயனாக, 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்துள்ளன.

இச்சட்டத்தின் இரு கூறுகள் பதினோராம் வகுப்பு மாணவருக்கு நேரடியாக உரியவை. முதலாவது, 18 வயது நிறைவடையாத எவரும் இச்சட்டத்தில் குழந்தையே. அவருடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடா. இரண்டாவது, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்க வாய்ப்பளிக்க வேண்டும். தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. ஆகவே, புரியாத மொழியில் எழுதிவிட்டு ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தச் சொல்வது முறையான ஒப்புதல் ஆகாது.

படிக்க நேரம் உண்டா?

‘இவ்வளவு நீண்ட பக்கங்களை யார் படிப்பார்?’ என்று கேட்போர் உளர். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெக்டொனால்டும் கிரேனரும் 2008இல் ஒரு கணக்கீட்டை வெளியிட்டனர். ஒருவர் ஓராண்டில் செல்லும் தளங்களின் கொள்கைகள் அனைத்தையும் சொல் விடாமல் படித்தால் சுமார் 244 மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அவ்வளவு நேரம் எவருக்கும் இல்லை. குறை படிக்காதவரிடம் மட்டும் இல்லை. படிக்க முடியாதவாறு எழுதியவரிடமும் உள்ளது.

ஆயினும், செய்தி படிக்க மட்டும் செல்லும் தளத்தில் இச்சோதனை தேவையில்லை. பெயரும் எண்ணும் பணமும் தரப்போகும் இடத்தில் மட்டும் போதும். தொடர்பு விவரத்தில் தொடங்கி, அங்கேயே ஐயம் எழுந்தால் கொள்கையைத் திறக்காமலே விலகிவிடலாம். பல போலித் தளங்கள் அந்த முதற்படியைக் கூடத் தாண்டுவதில்லை.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. நன்றாக எழுதப்பட்ட கொள்கையை உடைய பெருநிறுவனங்களிலிருந்தும் தரவு கசிந்திருக்கிறது. மறுபுறம், தறியில் தாமே நெய்து தாமே விற்கும் நேர்மையான நெசவாளரின் சிறு தளத்தில் கொள்கைப் பக்கமே இல்லாமலும் இருக்கலாம், அவர் ஜி.எஸ்.டி. பதிவுக்கு உட்படாதவராகவும் இருக்கலாம். அவரைப் போலி என்று ஒதுக்குவது அநீதி. அவருக்கு வீட்டு முகவரி இருக்கும், அழைத்தால் பேசுவார், நேரில் வரச் சொல்வார். அவரிடம் சேலையைப் பெற்றபின் பணம் தரலாம். ஆதார் எண்ணைத் தர வேண்டியதில்லை. ஆகவே ‘நம்பலாமா, கூடாதா’ என்பதைவிட, ‘இவரிடம் எந்த அளவு தரவைத் தரலாம்’ என்பதே சரியான வினா. பொறுப்பேற்க ஆளும் தெளிவான வாக்கும் எந்த அளவுக்கு உள்ளனவோ, அந்த அளவுக்கே தரவைத் தருதல் அறிவுடைமையாகும்.

தெரிந்து தெளிவோம்

இணையவழிப் பண மோசடிக்கு உள்ளானவர் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியலாம். பொருள் வராமை, பணம் திரும்பாமை போன்ற நுகர்வோர் குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் பயன்படுத்தும் ஒரு தளத்தின் தொடர்புப் பக்கத்தில் சட்டப்பூர்வமான பெயர், முழு முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் ஆகிய மூன்றும் உள்ளனவா எனக் கண்டு எழுதுக.

2. அத்தளத்தின் தனியுரிமைக் கொள்கையில் ஐந்து வினாக்களுக்கும் விடை தேடி அட்டவணைப்படுத்துக.

3. ‘தனியுரிமைக் கொள்கைகள் தமிழில் ஒரு பக்கத்திற்குள் அமைய வேண்டும்’ – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் உரையாடுக.