குழந்தை தவழவில்லையா? கவனிக்க வேண்டியது வேறு!

"எதிர்வீட்டுப் பாப்பா 11 மாசத்துலயே நடந்துடுச்சே!" இந்த ஒரு வார்த்தை போதும், இளம் பெற்றோரின் தூக்கம் போய்விடும். ஆனால், இந்த ஒப்பீடே தவறு.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகோல்படி, ஆரோக்கியமான குழந்தைகள் பிடிமானமின்றி உட்காருவது சுமார் 4 முதல் 9 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8 முதல் பதினேழரை மாதத்துக்குள். சில குழந்தைகள் தவழாமலேயே எழுந்து நடந்துவிடும். மற்றதெல்லாம் சரியாக இருந்தால் அதில் பயமில்லை.

குறைமாதக் குழந்தைக்குக் கணக்கே வேறு. 2 மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இப்போது 10 மாதம் என்றால், அதை 8 மாதக் குழந்தையாகவே பார்க்க வேண்டும். இன்னும் உட்காரவில்லை, ஆனால் தலை நன்றாக நிற்கிறது, இரு கைகளும் ஒரே மாதிரி இயங்குகின்றன என்றால், இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம். அதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது.

"நம்ம வம்சத்துல எல்லாருமே லேட்டாதான் நடந்தாங்க" என்று காத்திருப்பதும் ஆபத்துதான். 9 மாதம் முடிந்தும் உட்காராவிட்டால், 18 மாதமாகியும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வாக்கர் வாங்குவது இதற்குத் தீர்வல்ல.

சில அறிகுறிகளுக்கு மாதக்கணக்கே தேவையில்லை. ஒரு வயதுக்குள்ளேயே எதற்கும் ஒரே கையை மட்டும் நீட்டுவது மறுபக்கப் பலவீனத்தைக் காட்டலாம். கை, கால் விறைப்பு, துணிபோல் துவளும் உடல், கற்றதை மறப்பது ஆகியவற்றுக்கும் உடனடிப் பரிசோதனை அவசியம். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இது இலவசம்.

பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொன்னால் நிம்மதி. பார்க்காமல் வீட்டிலேயே சொல்லிக்கொண்டால், பயிற்சி தொடங்க வேண்டிய மாதங்கள்தான் வீணாகும்.