வெள்ளத்தின் நடுவே தள்ளுபடி

ஆசிரியர் அவர்களுக்கு,

பேரிடர் நேரத்தில் விளம்பரங்களை நிறுத்த வேண்டும் என்ற தங்கள் கட்டுரையை வரவேற்கிறேன். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதித் தெருக்கள் வெள்ளக்காடாயின. ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று கீழ்ப்பகுதி ஊர்கள் அஞ்சின. அந்த வேளையில் ரேணிகுண்டாவில் இருந்த எனக்கு ஒரு கடையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: “மழையைக் கொண்டாடுங்கள், அதிரடித் தள்ளுபடி!”

கடைக்காரருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. பல நாள் முன்பே நேரம் குறித்து வைத்த செய்தி தானாகவே புறப்பட்டிருக்கும். கோளாறு அங்கேதான்: அனுப்ப ஏற்பாடு உண்டு, நிறுத்த ஆளில்லை.

எனவே, வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தாலோ அரசு துக்கம் அறிவித்தாலோ, வரிசையில் உள்ள செய்திகளை உடனே நிறுத்தும் பொறுப்பை ஒவ்வொரு நிறுவனமும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். வெள்ளம் ஓர் ஊரில் என்றால் அந்த அஞ்சல் குறியீட்டுக்கு மட்டும் நிறுத்தினால் போதும். மருந்துக்கடை திறந்திருக்கும் தகவல் போகலாம். ஆனால் அதோடு தள்ளுபடியை ஒட்ட வேண்டாம். மின்சாரமும் குடிநீரும் திரும்பிய பிறகு, ஒருவர் வாசித்துப் பார்த்தே விளம்பரத்தை மீண்டும் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ரேணிகுண்டா