கட்டி கரையும் முன்பே குறி வையுங்கள்

மார்பகப் புற்றுக்கு அறுவைக்கு முன் கீமோ கொடுக்கிறோம். கட்டி சுருங்கினால், மார்பகம் முழுவதையும் எடுக்கவேண்டிய இடத்தில் கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றலாம் என்பது எண்ணம். ஆனால் கீமோ மிக நன்றாக வேலை செய்த காரணத்தாலேயே மார்பகத்தை இழக்கும் பெண்களும் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அறுவை அரங்குக்கு வரும்போது கட்டி கைக்குத் தட்டுப்படுவதில்லை, அல்ட்ராசவுண்டிலும் தெரிவதில்லை. அது எங்கே இருந்தது என்று சீட்டில் 'இடது மார்பகக் கட்டி' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எங்கே வெட்டுவது என்று தெரியாத அறுவை மருத்துவர் முழு மார்பகத்தையும் எடுத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. தவறு முதல் கீமோவுக்கு முந்தைய நாளே நடந்துவிட்டது.

முற்றிய கட்டிக்கு முதலில் மருந்து என்பது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் வி. சாந்தாவும் அவருடைய குழுவினரும் முற்றிய மார்பகப் புற்றுக்குக் கீமோவையும் கதிர்வீச்சையும் முதலில் கொடுத்து, பிறகே அறுவை செய்துவந்தார்கள். அன்றைய நோக்கம், அறுக்க முடியாததை அறுக்கக்கூடியதாக ஆக்குவது. சிறிய அறுவையும் சாத்தியம் என்பதைப் பெரிய அளவில் காட்டியது பெர்னார்ட் ஃபிஷர் குழுவின் பி-18 ஆய்வு. 1988-இல் தொடங்கிய அந்த ஆய்வில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். ஒரே கீமோவை ஒரு பிரிவுக்கு அறுவைக்கு முன்னும் மற்றதற்குப் பின்னும் கொடுத்தார்கள். உயிர்வாழ்வில் வித்தியாசம் இல்லை. மார்பகத்தைக் காத்து அறுவை செய்துகொண்டவர்கள் மட்டும் 60 சதவீதத்திலிருந்து 68 சதவீதமாகக் கூடினார்கள். ஆக, முதலில் கீமோ கொடுப்பதால் உடனே கிடைக்கும் பலன் அறுவை சிறிதாவதுதான். அந்தப் பலனைக் கைக்குக் கொண்டுவரும் பொறுப்பு நம்முடையது.

ஒரு நோயாளியை மனத்தில் வைத்துப் பார்ப்போம். ராயகிரியைச் சேர்ந்த 46 வயதுப் பெண், வயல் வேலை செய்பவர். இடது மார்பகத்தின் மேல் வெளிப்புறத்தில் 6 சென்டிமீட்டர் கட்டி, அக்குளில் அசையும் ஒரு நெறி. மார்பகம் சிறியது. இப்போதே அறுத்தால் முழு மார்பகமும் அக்குள் நெறிகளும் சேர்ந்து போகும். சங்கரன்கோவிலில் யாரும் அவசரப்பட்டுக் கட்டியைக் கீறிப் பார்க்கவில்லை. தடித்த ஊசியால் பயாப்சி மட்டும் எடுத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். இது பெரிய உதவி. அரைகுறையாக வெட்டி அனுப்பப்பட்ட மார்பகத்தில் கட்டியின் அளவும் எல்லையும் குழம்பிவிடும். முடிவில் ஹார்மோன் ஏற்பிகள் இல்லை, ஹெர்-2 இல்லை. கீமோவுக்கு நன்றாகக் கரையக்கூடிய வகை. மேமோகிராமில் மார்பகம் முழுக்கப் பரவிய சுண்ணாம்புப் புள்ளிகள் இல்லை. இருந்திருந்தால், கட்டி எவ்வளவு சுருங்கினாலும் மார்பகத்தைக் காக்கும் பேச்சுக்கே இடமில்லை. தோல் சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றிலும் அப்படித்தான்.

இவருக்கு முதல் கீமோ ஏற்றும் முன் கட்டியின் நடுவில் ஒரு உலோகக் கிளிப் வைக்கவேண்டும். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசி வழியே வைத்துவிடலாம், பத்து நிமிட வேலை. விற்பனைக்கு வரும் மார்பகக் கிளிப்புகளின் விலை கட்டுப்படியாகாத இடங்களில், ரத்தக்குழாயைக் கட்டப் பயன்படும் சிறிய டைட்டானியம் கிளிப்பையே தடித்த ஊசிக்குள் ஏற்றி வைக்கிறார்கள். புற்று உறுதியான அக்குள் நெறியிலும் ஒன்று வைப்பது நல்லது. கிளிப்போடு, கட்டியின் ஓரங்களைத் தோலில் பச்சை குத்திக் குறிக்கலாம். அப்போது நோயாளியின் கை அறுவை மேசையில் இருப்பதுபோல விரிந்திருக்கவேண்டும். கையை இடுப்பில் வைத்தபடி போட்ட குறி, கையை விரித்ததும் கட்டியை விட்டு நகர்ந்துவிடும். கடிகார எண், காம்பிலிருந்து தூரம், நீள அகலம், ஒரு படம் எல்லாம் சீட்டில் ஏறவேண்டும்.

இனி மருந்து. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் நான்கு சுற்று, பிறகு வாரந்தோறும் பக்லிடாக்செல் பன்னிரண்டு. தொடங்கும் முன் இதய எக்கோ. இரண்டாம் சுற்றுக்குப் பின் ஒரே கை, ஒரே அளவுகோல் கொண்டு கட்டியை அளக்கவேண்டும். கட்டி வளர்ந்தால் காத்திருக்காமல் திட்டத்தை மாற்றவேண்டும். நம் நோயாளிக்கு நான்காம் சுற்றில் 3 சென்டிமீட்டர், பக்லிடாக்செல்லின் பன்னிரண்டாம் வாரத்தில் கைக்கு எதுவும் இல்லை.

இங்கேதான் ஆபத்து. "கட்டிதான் கரைஞ்சு போச்சே டாக்டர், இன்னும் எதுக்கு அறுக்கணும்?" என்று அவர் கேட்பார். ஊரிலும் அதையே சொல்வார்கள். பி-18 ஆய்வில் கைக்குத் தட்டுப்படாமல் கட்டி மறைந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் நுண்ணோக்கியிலும் ஊடுருவும் புற்று இல்லாமல் போயிருந்தது. மற்றவர்களுக்கு உள்ளே மிச்சம் இருந்தது. பத்து ஆய்வுகளைச் சேர்த்து 2018-இல் வெளியான அலசலில், முதலில் கீமோ பெற்றவர்களுக்கு 15 ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது 21.4 சதவீதம், முதலில் அறுவை செய்தவர்களுக்கு 15.9. சேர்த்த ஆய்வுகள் சிலவற்றில், கட்டி மறைந்தது என்று அறுவையையே விட்டுவிட்டவர்களும் உண்டு. அறுவை நாளைக் கடைசிக் கீமோவின்போதே குறித்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் இருக்கட்டும்.

அறுவையில் பழைய 6 சென்டிமீட்டர் பரப்பு முழுவதையும் எடுக்கவேண்டியதில்லை. கிளிப்பைக் கம்பி வைத்துக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி மிச்சமிருக்கும் நோயை நல்ல ஓரத்துடன் எடுத்தால் போதும். ஆனால் எல்லாக் கட்டியும் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்குவதில்லை. சில கட்டிகள் இருந்த இடத்திலேயே துண்டு துண்டாகச் சிதறி நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ஓரம் சுத்தமாகத் தெரிந்தாலும் அடுத்த தீவு அரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கலாம். எனவே வெட்டியெடுத்ததை அங்கேயே எக்ஸ்ரே எடுத்துக் கிளிப் வந்துவிட்டதா என்று பாருங்கள். நோயியல் மருத்துவருக்குப் போகும் தாளில் 'கீமோவுக்குப் பின்' என்பதையும் பழைய அளவையும் எழுதுங்கள். கட்டி இருந்த படுகையைக் கண்டுபிடிக்காமல் 'புற்று இல்லை' என்று வரும் முடிவை நம்ப முடியாது. அந்த முடிவைப் பொறுத்தே பின் மருந்தும் அமையும். நம் நோயாளிக்கு வந்த வகையில் புற்று மிச்சமிருந்தால் கேபசிடபின் கொடுப்பதன் பலனை 2017-இல் வெளியான கிரியேட்-எக்ஸ் ஆய்வு காட்டியது.

"கதிர்வீச்சுக்கு இவ்வளவு தூரம் எப்படி அலைவார், முழுதாக எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்று நம்மில் சிலர் கருணையோடு சொல்வதுண்டு. இந்த நோயாளிக்கு அது பொருந்தாது. கதிர்வீச்சு தேவையா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் தொடக்கத்து நிலை. 6 சென்டிமீட்டரும் புற்றேறிய நெறியுமாக வந்தவருக்கு, மார்பகம் இருந்தாலும் போனாலும், கதிர்வீச்சு உண்டு. அலைச்சல் எப்படியும் இருக்கிறது. மார்பகத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள அது காரணமாகாது.

கீமோ தாளில் கையெழுத்திடுபவரிடம் இந்த இதழ் கேட்பது ஒன்றுதான். மருந்தின் அளவுக்கு மேலே கிளிப் வைத்த தேதி, கடிகார எண், காம்பிலிருந்து தூரம் என மூன்று இடங்களை விட்டு அச்சடியுங்கள். அவை நிரம்பும்வரை முதல் சுற்றை ஏற்றவேண்டாம்.