நகை நமது, இலாபம் யாருடையது?



"வங்கிக்குப் போனால் ஆயிரம் கடதாசி கேட்பார்கள். கடைக்கார ஐயா கண்டவுடன் காசு தருவார்." வாவியின் இரு கரையிலும் உள்ள தென்னந் தோட்டங்களிலும் மரமுந்திரிகைத் தோட்டங்களிலும் இந்தப் பேச்சைக் கேட்காத நாளில்லை. இதனால் இலாபம் அடைகிறவர் யார் என்று பார்ப்போம்.

முதலில் கடதாசிக் கதை. பிணையாளர், சம்பளக் கடிதம் என்று வங்கி கேட்பது நகையில்லாத கடனுக்கு. நகை அடகுக்கு நகைதான் பிணை. தேசிய அடையாள அட்டையும் நகையும் கையில் இருந்தால் போதும். உரசிப் பார்த்து, நிறுத்து, சீட்டு எழுதி அன்றே காசு தருகிறார்கள். இரண்டு கடனையும் ஒன்றாகக் குழப்பி நம்மைப் பயமுறுத்துவது கடைக்காரருக்கு வசதி.

அடுத்தது வட்டி. கடையில் "நூற்றுக்கு நாலு" என்பார்கள். வங்கிப் பலகையில் "15 வீதம்" என்று எழுதியிருக்கும். நாலு சிறிது, பதினைந்து பெரிது என்று காதுக்குப் படும். ஆனால் நாலு மாதத்துக்கு, பதினைந்து வருடத்துக்கு. ஒரு இலட்சம் ரூபாவை எட்டு மாதம் வைத்திருப்பதாகக் கணக்குப் போடுங்கள். வங்கிக்கு வட்டி 10,000 ரூபா. கடைக்கு 32,000 ரூபா. அதிலும் முதல் மாத வட்டியைக் கையோடு கழித்துக்கொண்டு 96,000 மட்டும் எண்ணித் தந்தால், கைக்கு வராத 4,000 ரூபாவுக்கும் சேர்த்துத்தான் வட்டி கட்டுகிறீர்கள். வங்கி வட்டி காலத்துக்குக் காலம் மாறும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டியை ஒரே நாளில் 7 புள்ளி உயர்த்தியபோது அடகு வட்டியும் ஏறியது. ஆகவே புதுப்பிக்கும் நாளில் புதிய வீதம் என்ன என்று கேளுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். நம் நகை எங்கே இருக்கிறது? நம்மிடம் மாதம் நாலு வட்டிக்கு வாங்கிய சங்கிலியைத் தன் பெயரில் வங்கியில் வைத்து, அந்தக் காசை இன்னொருவருக்கு வட்டிக்கு விடுகிறவர்களும் உண்டு. முதல் வங்கியுடையது, பிணை நம்முடையது, இலாபம் மட்டும் அவருடையது. இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. மீட்கக் காசோடு போனால், "இரண்டு நாள் கழித்து வாங்கோ" என்பார். காசு தருவதில் காட்டிய வேகம் நகை தருவதில் இருக்காது. அவர் வங்கியில் மீட்காமல் விட்டால் ஏலம் போவது உங்கள் தாலிக்கொடி. சீட்டு அவர் பெயரில் இருப்பதால் வங்கியிடம் நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது.

அடகு பிடிப்போர் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்திலேயே வந்தது. அனுமதிப்பத்திரமும் அடகுச் சீட்டும் அதில் உள்ள கடமைகள். கொப்பிக் கடதாசியில் "சங்கிலி 1" என்று எழுதித் தருவது சீட்டல்ல. நகையின் வகை, கல் நீக்கிய நிறை, கரட், கடன் தொகை, வட்டி, தவணை நாள் எல்லாம் இருக்க வேண்டும். மீட்கும்போது அந்த நிறையோடு ஒப்பிட்டு நிறுத்துப் பார்த்த பின்பே காசைக் கொடுங்கள்.

சீட்டு எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு 2015 சாட்சி. அந்த வருட இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில், வங்கிகளில் 2 இலட்சம் ரூபா வரை அடகு வைத்தவர்களுக்கு வட்டியில் பாதி தள்ளுபடி என்று அறிவித்தார்கள். கொப்பிக் கடதாசிக்காரருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

வங்கி நல்லது, குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தருகிற முழுத் தொகையையும் எடுப்பது ஆபத்து. 2013இல் தங்க விலை விழுந்தபோது, நகையின் பெறுமதியைவிடக் கடன் பெரிதாகிப் பலர் மீட்காமலே விட்டார்கள். தேவைக்கு மட்டும் எடுங்கள். இன்னொன்று, வங்கி திறக்கும் நேரம் நம் வேலை நேரம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் வாவி கடக்க 2014இல் மண்முனைப் பாலம் வந்தது. ஆனாலும் அடகு வைக்க ஒரு நாள் கூலி போகிறது. ஏல அறிவித்தல் தபாலில் தோட்டத்துக்கு வந்து கந்தோர் மேசையில் கிடந்தால் நமக்குத் தெரியாமலே நகை போய்விடும்.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. தோட்டத் தொழிலாளருக்கு வசதியான நேரத்தில் மாதம் ஒரு நாளாவது அடகுப் பிரிவைத் திறக்க வேண்டும். ஏலத்துக்கு முன் தபாலோடு தொலைபேசியிலும் தமிழில் அறிவிக்க வேண்டும். அதுவரை, சீட்டு எழுதும்போதே உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தைச் சொல்லிப் பதியுங்கள். தவணை நாளை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

நடுச்சாமத்தில் பிள்ளைக்கு வருத்தம் என்றால் கடையைத்தான் தட்ட வேண்டி வரும். அதில் குற்றமில்லை. ஆனால் அடுத்த கிழமையே மாதர் சங்கத்தில் கைமாற்று எடுத்து மீட்டு, வங்கியில் வைத்துக் கைமாற்றைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு மாதம் பிந்தினாலும் மேலே சொன்ன கணக்கில் 2,750 ரூபா வீணாகப் போகும்.