பனிமூட்டத்தில் 75 கி.மீ. வேகம் பாதுகாப்பானதா? யமுனா எக்ஸ்பிரஸ்வே சொல்லும் கணக்கு

2025 டிசம்பர் 16 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் மதுரா அருகே யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் அடர்ந்த பனிமூட்டத்துக்குள் பேருந்துகளும் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக மோதித் தீப்பிடித்தன. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் இந்த 165 கி.மீ. சாலையில், குளிர்காலத் தொடர் மோதல்கள் புதிதல்ல. அதனால்தான் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை கார்களுக்கான வேக வரம்பு வழக்கமாக 100 கிலோமீட்டரில் இருந்து 75 ஆகவும், லாரி, பேருந்துகளுக்கு 60 ஆகவும் குறைக்கப்படுகிறது.

வரம்பைக் குறைத்தும் ஏன் மோதுகிறார்கள்? எல்லோரும் மீறுகிறார்கள் என்பது பாதி பதில்தான். மீதி பதில், அந்த 75 என்ற எண்ணிலேயே இருக்கிறது.

பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும்?

மணிக்கு 75 கி.மீ. என்றால் ஒரு நொடிக்கு சுமார் 21 மீட்டர். முன்னால் ஏதோ நிற்கிறது என்று கண் கண்டுபிடித்து, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்கை அழுத்த 2 நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளேயே கார் 42 மீட்டர் போய்விடும். பனி நனைத்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 43 மீட்டர். மொத்தம் 85 மீட்டர்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில், 200 மீட்டருக்குக் கீழே பார்வைத் தூரம் குறைந்தால் அடர் மூட்டம். 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர் மூட்டம். 50 மீட்டர் மட்டுமே தெரியும் இடத்தில், நிற்க 85 மீட்டர் தேவைப்படும் வேகத்தில் போனால், சட்டத்தை மதித்தபடியே மோத வேண்டியதுதான். அதே கணக்கில் 60 கி.மீ. வேகத்துக்கு 61 மீட்டர் தேவை, அதுவும் போதாது. 40 கி.மீ.க்கு 35 மீட்டர், 30 கி.மீ.க்கு 24 மீட்டர். ஆக, மிக அடர் மூட்டத்தில் 40தான் உச்சம், அதுவும் டயர் நன்றாக இருக்கும் காருக்கு. பலகையில் எழுதியிருக்கும் வரம்பு சாலைக்கானது, அந்த நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கானது அல்ல.

சரி, எத்தனை மீட்டர் தெரிகிறது என்று ஓட்டிக்கொண்டே எப்படி அளப்பது? அளக்க வேண்டாம், எண்ணினால் போதும். முன்னால் ஒரு பெயர்ப்பலகையோ கம்பமோ மங்கலாகத் தெரிய ஆரம்பித்த நொடியில் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று எண்ணுங்கள். நான்கு வருவதற்குள் அதைத் தாண்டிவிட்டால் வேகம் அதிகம். ஸ்பீடோமீட்டரையும் அடிக்கடி பாருங்கள். பக்கத்தில் மரமும் கட்டடமும் தெரியாதபோது, எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்ற உணர்வை நம்ப முடியாது.

ஹை பீம் போட்டால் ஏன் குறைவாகத் தெரிகிறது?

மூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். ஹை பீம் நேராகவும் மேல்நோக்கியும் ஒளியை வீசும். கண்ணுக்கு நேரே இருக்கும் துளிகள் அதை ஓட்டுநரின் முகத்துக்கே சிதறடிக்கும். முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்த மாதிரி இருக்கும். லோ பீமின் ஒளி கீழ்நோக்கி வெட்டப்பட்டிருப்பதால், பார்வைக் கோட்டில் ஒளிரும் துளிகள் குறைவு. தார் ரோடும் கோடுகளும் தெரியும். ஃபாக் லேம்ப் இன்னும் தாழ்வாக, அகலமாக வீசும் என்பதால் ரோட்டோரத்தைக் காட்ட உதவும். மஞ்சள் ஒளி மூட்டத்தைத் 'துளைக்கும்' என்று ஆக்சசரி கடையில் சொல்வதை நம்பிச் செலவழிக்க வேண்டாம். இந்தத் துளிகளின் அளவுக்கு முன்னால் மஞ்சளும் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும்.

புது கார்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பக்க டிஆர்எல் எரிவதைப் பார்த்து லைட் போட்டிருப்பதாக நினைத்துவிடுவோம். ஆனால் பல மாடல்களில் அப்போது பின்பக்க விளக்கு எரியாது. ஹெட்லைட்டை 'ஆட்டோ'வில் விட்டாலும், விடிந்த பிறகு மூட்டத்தின் வெளிச்சத்தைப் பார்த்து சென்சார் அதைப் போடாமலே இருக்கலாம். பின்னால் வரும் லாரிக்கு அந்தக் கார் இருப்பதே தெரியாது. கையால் லோ பீமைப் போடுவதே நிச்சயம். ரியர் ஃபாக் லேம்ப் இருந்தால் அதையும்.

ஓடும்போது ஹஸார்ட் விளக்கைப் போடுவது நம் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. இரண்டு பக்கமும் மினுக்கிக்கொண்டிருந்தால், லேன் மாறுவதற்கான இண்டிகேட்டர் பின்னால் இருப்பவருக்குப் புரியாது. நிற்கும் வண்டி எது, ஓடும் வண்டி எது என்பதும் குழம்பிவிடும்.

எந்தக் கோட்டைப் பிடிப்பது?

பலரும் செய்வது, முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போவது. அது கண்ணிலிருந்து மறைந்துவிடக் கூடாதே என்று நெருங்கி நெருங்கிப் போவோம். அவர் பிரேக் பிடித்தாலோ ரோட்டை விட்டு இறங்கினாலோ நாமும் கூடவே போவோம். வண்டியை விட்டுவிட்டுக் கோட்டைப் பிடிக்க வேண்டும்.

நடுவில் தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் இடது லேனில் இருந்தபடி, இடது ஓரத்தில் இடைவிடாமல் போகும் கோட்டை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். பதித்திருக்கும் பூனைக்கண் பிரதிபலிப்பான்களின் நிறமும் உதவும்: பொதுவாக இடது ஓரத்தில் சிவப்பு, தடுப்புப் பக்கம் மஞ்சள், லேன்களுக்கு நடுவே வெள்ளை. ஆனால் இங்கே லாரிகள் நிறுத்தப்படுவதும், ராங் சைடில் பைக் வருவதும் அதே இடது ஓரத்தில்தான். கோட்டின் மேல் ஓட்டாமல், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லேனின் நடுவில் போவதே சரி. தடுப்பில்லாத இருவழிச் சாலையில் நடுக்கோடுதான் பளிச்சென்று தெரியும். அதைப் பிடிக்கவே கூடாது. எதிரே வருபவரும் அதையே பிடித்துக்கொண்டு வரலாம்.

எப்போது, எங்கே நிறுத்துவது?

30 கி.மீ. வேகத்திலும் நான்கு எண்ண முடியவில்லையா? பயணத்தை நிறுத்த வேண்டிய நேரம் அது. ஆனால் நிறுத்தும் இடம் ரோடோ, ரோட்டின் ஷோல்டரோ அல்ல. மெதுவாக அடுத்த பெட்ரோல் பங்க், டோல் பிளாசா, தாபா அல்லது லாரி நிறுத்துமிடம் வரை போய் உள்ளே நிறுத்துங்கள்.

வேறு வழியே இல்லையென்றால் ஷோல்டரையும் தாண்டி முடிந்தவரை இடதுபுறம் ஒதுங்க வேண்டும். முழுவதும் ரோட்டை விட்டு விலகிவிட்டால் விளக்குகளை அணைத்துவிடுவது நல்லது. பின்பக்க விளக்கைப் பார்த்து அதுதான் ரோடு என்று யாராவது பின்தொடர்ந்து வரக்கூடும். வண்டியின் ஒரு பகுதியாவது ரோட்டில் இருந்தால் ஹஸார்ட் கட்டாயம். இரண்டிலும் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டாம். இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நின்று 1033-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண் அது. எக்ஸ்பிரஸ்வே உட்பட எங்கிருந்தாலும் 112 உண்டு. சின்ன இடி வாங்கியிருந்தாலும் இதேதான். சேதத்தைப் பார்க்க இரண்டு வண்டிக்கும் நடுவே நிற்பவர் மீதுதான் மூன்றாவது வண்டி வந்து மோதும்.

தமிழ்நாட்டில் மார்கழி, தை மாதங்களில் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் அதிகாலையில் பயணிப்பவர்களுக்கும் இதே கணக்குதான். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்து உருவாகும் மூட்டம், ஏரியோரங்களிலும் பள்ளங்களிலும் திட்டுத்திட்டாக நிற்கும். சூரியன் உதித்த உடனே அது விலகாது, சில நேரம் இன்னும் அடர்த்தியாகும். பெரும்பாலும் வெயில் ஏறி 8, 9 மணி வாக்கில்தான் கலையும். பெங்களூருவிலிருந்து பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புபவர் 4 மணி அலாரத்தை 7 மணிக்கு மாற்றிவைத்தால், மேலே சொன்ன பலவற்றுக்கும் வேலையே இருக்காது.